மாமா ஃபோல்டரில் ஒரே ஒரு வரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில நிக்கும். வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியும், கடைக்கு வர்றவங்களுக்கும் தெரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். பள்ளிக்கூடங்களுக்கும் மில்லுக்கும் சின்னச் சின்ன புரோகிராமும் எழுதிக் குடுப்பேன். வேலை சுத்தமா இருக்கும். அதச் சொல்லிக்கிறதுல எனக்கு வெட்கமே கிடையாது. ஒரு ஃபைல் தேவையில்லாம கிடந்தா எனக்குச் சோறு இறங்காது. டெஸ்க்டாப்புல ஐகான் ஈ மொய்ச்ச மாதிரி வச்சிருக்கிறவனைப் பாத்தா, முகத்துக்கு நேராவே சொல்லிருவேன், "என்னப்பா இது, வீட்டுலயும் இப்படித்தான் வச்சிருப்பியா"ன்னு.

இந்தச் சுத்தத்தாலதான் நான் கெட்டேன். என்னைவிட அதிகமாக் கெட்டது என் தங்கச்சி.

தங்கச்சிய நிலக்கோட்டையில கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளைக்குப் பூ யாவாரம். விடியிறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குப் போயி, மல்லியும் பிச்சியும் வேன்ல ஏத்தி விட்டுட்டு, வீட்டுக்கு வர மத்தியானம் ஆயிரும். ஒரே பொண்ணு. பிறக்கும்போதே காது கேக்கல. மூணு வயசுல ஆபரேஷன் செஞ்சு, காதுக்குப் பின்னாடி மிஷின் வச்சாங்க. மிஷின் வச்சா அடுத்த நாளே பிள்ளை பேசிரும்னு ஊரே நினைச்சுச்சு. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா மிஷின் சத்தத்த உள்ள அனுப்பும், அம்புட்டுதான். அது கதவுச் சத்தமா, காக்கா சத்தமா, அம்மா கூப்பிடுறதான்னு பிள்ளை ஒண்ணொண்ணா படிக்கணும். அப்புறம் உதட்டையும் நாக்கையும் பழக்கணும்.

முதல்ல திண்டுக்கல்லுல ஒரு டீச்சரம்மா வாரம் ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாங்க. ஏழெட்டு மாசத்துல அந்தம்மா கல்யாணமாகி வெளியூர் போயிட்டாங்க. வேற ஆள் கிடைக்கல. தங்கச்சி பன்னெண்டாவதுக்கு மேல படிக்காதவ. நான் குடுத்த பழைய லேப்டாப்புல வீடியோ தேடித் தேடி, அதப் பாத்து, தானே பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா. ஒன்றரை வருசம். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். சமையக்கட்டுல வெஞ்சனம் அடுப்புல கொதிக்க, இவ லேப்டாப்ப அரிசி டிரம்மு மேல வச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி பிள்ளைய நிறுத்தி உதட்டக் குவிச்சுக் காட்டிக்கிட்டு இருப்பா. நான் போனா, "வாண்ணே, உக்காரு, இந்தா முடிஞ்சிரும்"பா. நான் உக்காந்தா முடியாது. பிள்ளை என்னப் பாத்ததும் வாய மூடிக்கிட்டு அவ சேலைக்குள்ள போயிரும்.

அதுக்குக் காரணம் என் குரலு. சாதாரணமா பேசுனாலே சண்டை போடுற மாதிரி இருக்கும்னு என் வீட்டுக்காரியே சொல்லுவா. அந்த மிஷின் வழியா அது எப்படிக் கேக்குமோ.

போன வருசம் மதுரையில ஒரு பயிற்சி நிலையத்துல பிள்ளைக்கு இடம் கிடைக்கிற மாதிரி இருந்துச்சு. அங்க ரெண்டு வகுப்பு. மிஷின் புதுசா வச்ச பிள்ளைங்களுக்குச் சத்தம் பழக்குற வகுப்பு ஒண்ணு. வார்த்தை வர ஆரம்பிச்ச பிள்ளைங்களுக்குப் பேச்சு வகுப்பு ஒண்ணு. பேச்சு வகுப்புல ஒரே ஒரு இடம்தான் காலி. தங்கச்சிக்கு அந்த இடம் வேணும். ஒன்றரை வருசம் அவ தனியா தள்ளிக்கிட்டு வந்த வண்டிய அங்கேருந்து யாராச்சும் பிடிச்சுக்கிட்டா போதும்னு இருந்தா.

ஒரு வியாழக்கிழமை லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்தா. தலையில ஒரு முழம் மல்லி, கையில ஒரு தூக்குவாளி. எனக்குக் குழம்பு.

"அண்ணே, இது நகர மாட்டேங்குது. பிள்ளைக்கு வீடியோ பாதியில நின்னு நின்னு போகுது. சரி பண்ணிக் குடு."

"ஃபார்மேட் அடிச்சாதான் சரியாகும்."

"அடிச்சா உள்ள இருக்கிற வீடியோ லிங்கெல்லாம் போயிருமே. மதுர மேடம் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. வீட்டுல என்ன பயிற்சி குடுத்தீங்கன்னு எழுதிக்கிட்டு வாங்கன்னாங்க. எந்த வகுப்புன்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். நான் எழுதவே இல்ல, அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு. நீ ஒரு லிஸ்ட்டா எடுத்துக் குடுண்ணே."

பிரௌசரத் திறந்து பாத்தேன். பாத்ததும் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. பக்கத்தக் குறிச்சு வைக்கிற புக்மார்க் பாருல ஃபோல்டரும், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டருமா போட்டு வச்சிருந்தா. காலை, சாயங்காலம், உதடு, நாக்கு, சத்தம், வீடு, மாமா. மாமான்னா நான்தான். ஏதோ நான் அனுப்புனத அதுல போட்டு வச்சிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ஒரே வீடியோ ரெண்டு தடவ, அஞ்சு தடவ. சாதாரணமா நட்சத்திரத்த அமுக்கி புக்மார்க் போட்டா, ஏற்கெனவே இருக்கிற பக்கத்த ரெண்டாவது தடவை சேர்க்காது. இவ நட்சத்திரம் பக்கமே போகல. மேல முகவரிக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன ஐகானப் பிடிச்சு இழுத்து ஃபோல்டர்ல போட்டிருக்கா. அப்படி இழுத்துப் போட்டா எத்தனை தடவ வேணும்னாலும் சேரும்.

"என்ன புள்ள இது, குப்பைத் தொட்டியா? ஒண்ணையே எத்தனை தடவ போட்டு வச்சிருக்க?"

"இல்லண்ணே, அது எப்படின்னா..."

"எப்படியும் இல்ல. நான் பாத்துக்கிறேன். நீ கிளம்பு, பஸ் போயிரும்."

"அதுல உள்ளது அப்படியே இருக்கட்டும்ணே. நான் ஒரு மாதிரி வச்சிருக்கேன், செத்த நேரம் இரு, சொல்றேன்..."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? இருபது வருசமா இதத்தான புள்ள பண்றேன். போ போ."

அவ சிரிச்சுக்கிட்டே, "சரிங்க கம்ப்யூட்டர் டாக்டரே"ன்னு சொல்லிட்டு தூக்குவாளிய மேசை மேல வச்சிட்டுப் போயிட்டா. அந்தச் செத்த நேரம் நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். ஒரு நிமிசம் ஆகியிருக்குமா? கடையில அன்னைக்கு அப்படி ஒண்ணும் கூட்டமும் இல்ல.

சாயங்காலமே வேலையில உக்காந்தேன். புக்மார்க்க எக்ஸ்போர்ட், அதாவது ஏற்றுமதி பண்ணுனா பிரௌசர் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். ஃபைலாக் குடுக்கும். தெரியாதவங்க திறந்தா பயந்துருவாங்க. ஆனா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. ஒரு வகைக் குறிக்குள்ள வர்றது ஃபோல்டர் பேரு. அதுக்குக் கீழ ஒரு பட்டியல் திறக்கும், அந்தப் பட்டியல் மூடுற வரைக்கும் உள்ள இருக்கிற லிங்கெல்லாம் அந்த ஃபோல்டரோடது. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் இருந்தா, பட்டியலுக்குள்ள பட்டியல் திறக்கும். ஒவ்வொரு லிங்குலயும் முகவரி இருக்கும், வீடியோவோட தலைப்பு இருக்கும். இது ரெண்டுக்கும் நடுவுல, சேர்த்த தேதின்னு ஒரு பத்து இலக்க எண்ணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுலேருந்து நொடி நொடியா எண்ணிக்கிட்டு வர்ற கணக்கு அது. கூடவே ஐகான் படம் ஒண்ணு, அர்த்தமில்லாத எழுத்தா ரெண்டு மூணு வரி நீளத்துக்கு.

பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில ஒரு சின்ன புரோகிராம், ஸ்கிரிப்ட்டும்பாங்க, எழுதுனேன். ஃபோல்டர் திறந்தா பேர அடுக்குல ஏத்து, மூடுனா இறக்கு. லிங்க் வந்தா, அடுக்குல இருக்கிற முழுப் பாதைக்குக் கீழ அதப் போடு. இந்தப் பாதை விஷயத்துல புதுசா எழுதுறவன் கோட்டை விட்டுருவான். காலைக்குள்ளயும் உதடுன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு, சாயங்காலத்துக்குள்ளயும் உதடுன்னு ஒண்ணு இருந்துச்சு. பேர மட்டும் பாத்தா ரெண்டும் கலந்துரும். நான் விடல. அதுல எனக்குப் பெருமை வேற.

முகவரியும் தலைப்பும் போதும்னு எடுத்துக்கிட்டேன். ஐகானத் தூக்கி எறிஞ்சேன். தேதியையும் தூக்கி எறிஞ்சேன். வீடியோ லிஸ்ட்டுக்குத் தேதி எதுக்கு? ஒவ்வொரு தலைப்புக்குப் பின்னாலயும் ஒட்டிக்கிட்டு இருந்த தளத்தோட பேரையும் வெட்டுனேன். ஒரே ஃபோல்டர்ல அதே லிங்க் மறுபடி வந்தா விட்டுரச் சொன்னேன். மாமா ஃபோல்டரப் பாத்தப்ப சத்தமாவே சிரிச்சேன். ஃபைல்ல ஒரு பக்கம் முழுக்க அதே தலைப்பு, 'ம ஒலிக்கு உதட்டுப் பயிற்சி'. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. எத்தனைன்னு எண்ணல. "பைத்தியக்காரி, விரல் தவறி இழுத்துக்கிட்டே இருந்திருக்கா"ன்னு கடையில வேலை பாக்குற பொண்ணுகிட்ட காட்டிச் சிரிச்சேன்.

அப்புறம் அகர வரிசை. இதுல நான் எம்புட்டு நேரம் போட்டேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு அடுக்குனா தமிழ் எழுத்துல ன-வ ந-வுக்குப் பக்கத்துலயே வச்சிரும், ற-வ ர-வுக்குப் பக்கத்துல வச்சிரும். நம்ம வரிசையில ற-வும் ன-வும் கடைசியிலதான வரணும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாத்தாக்கூட தப்புன்னு சொல்லும். விடக்கூடாதுன்னு, எழுத்து எழுத்தா வரிசை எண்ணு குடுத்து சரி பண்ணுனேன். ஃபோல்டரையும் அகர வரிசை, ஃபோல்டருக்குள்ள தலைப்பையும் அகர வரிசை. ஒவ்வொரு ஃபோல்டர் பேருக்குப் பக்கத்துலயும் உள்ள எத்தனை லிங்க்னு எண்ணு. ஓட விட்டேன். திரையில வந்துச்சு: மொத்தம் இருநூத்திப் பதினாலு, நீக்கியது எண்பத்தி மூணு, மிச்சம் நூத்தி முப்பத்தொண்ணு.

அழகுன்னா அப்படி ஒரு அழகு. தலைப்பு ஒரு பக்கம், முகவரி ஒரு பக்கம், ஃபோல்டர் பேரு தடிச்ச எழுத்துல. கலர் பிரிண்டு எடுத்து, ஓரத்துல ஸ்பைரல் போட்டேன். லிஸ்ட்ட என் கம்ப்யூட்டருக்கு மாத்திக்கிட்டு, லேப்டாப்ப முழுசா துடைச்சு புது சிஸ்டம் ஏத்துனேன். ஏற்றுமதி பண்ணுன அந்த மூல ஃபைலும் அதுலதான் இருந்துச்சு. வேலை முடிஞ்சா மிச்சம் வைக்கக் கூடாதுங்கிறது என் பழக்கம். பிரௌசர்ல அவ மெயில் ஐடி போட்டு உள்ள போனதே கிடையாது, அதனால வேற எங்கயும் பிரதி இல்ல. அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் துடைச்சேன்.

திங்கக்கிழமை நானும் கூடப் போனேன். வேலைய நாலு பேரு பாராட்டுறதப் பாக்கணும்ல. மாப்பிள்ளைக்கு முகூர்த்த நாளு, வர முடியல. பஸ்ஸுல தங்கச்சி மடியில அந்த ஸ்பைரல் புத்தகத்த வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா திருப்புனா. பேசவே இல்ல. அசந்து போயிட்டான்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, அவ அதுல எதையோ தேடிக்கிட்டு இருந்திருக்கா. கேட்டா நான் கத்துவேன்னு கேக்கல.

மேடம் சின்ன வயசு. மரியாதையா உக்கார வச்சாங்க. பிள்ளை புது இடத்தப் பாத்ததும் கல்லு மாதிரி ஆயிருச்சு. மேடம் பொம்மையக் காட்டுனாங்க, பேரு கேட்டாங்க, ம்ஹூம். அவங்க ஒண்ணும் கோவிச்சுக்கல.

"முதல் நாள் எந்தக் குழந்தையும் பேசாதுங்கம்மா. அதுக்குத்தான் வீட்டுப் பயிற்சி விவரம் கேட்டேன். எதுக்கப்புறம் எது செஞ்சீங்க, எது எப்போ வந்துச்சுன்னு பாத்தா, குழந்தை எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிரும்."

தங்கச்சி புத்தகத்தக் குடுத்தா. மேடம் திருப்புனாங்க. "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்களே"ன்னாங்க. நான் நிமிர்ந்து உக்காந்தேன். ரெண்டு பக்கம் திருப்புனாங்க, மூணு பக்கம் திருப்புனாங்க.

"இது அகர வரிசையா? சரி... இதுல முதல்ல செஞ்சது எதும்மா?"

தங்கச்சி புத்தகத்த வாங்கிப் பாத்தா. விரலால ஒவ்வொரு வரியா தடவுனா. "பிரௌசர்ல மேலேருந்து கீழ வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு மேடம். மேல இருக்கிறது முதல்ல செஞ்சது, கீழ இருக்கிறது கடைசியா செஞ்சது. இதுல..."

"சேர்த்த தேதி இருந்தாக்கூடப் போதுமே. ஏற்றுமதி பண்ணுனா அதுல இருக்கும்னு வேற ஒரு அப்பா போன மாசம் எடுத்துட்டு வந்தாரு."

என் வேலையப் பத்தி எனக்கே சொல்றாங்க, அதுவும் சரியாச் சொல்றாங்க. வாயத் திறக்க வேண்டிய இடத்துல மட்டும் எனக்குக் குரலே வராது.

"ஒரே பயிற்சிய எத்தனை தடவை செய்ய வேண்டியிருந்துச்சு?"ன்னு கேட்டாங்க மேடம்.

"பிள்ளை சரியா செஞ்ச ஒவ்வொரு தடவையும் அந்த வீடியோவ ஒரு தடவ இழுத்துப் போடுவேன் மேடம். அஞ்சு சேந்துட்டா அடுத்ததுக்குப் போவோம்." சொல்லும்போதே தங்கச்சி கண்ணு புத்தகத்துல தேடிக்கிட்டு இருந்துச்சு. எல்லாம் ஒரே ஒரு தடவதான் இருந்துச்சு. மெதுவா என் பக்கம் திரும்புனா. திட்டல. அவ என்னைத் திட்டியிருந்தா இன்னைக்கு நான் இத எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஞாபகத்துலேருந்து சொல்லப் பாத்தா. ஒன்றரை வருசத்த அவசரத்துல சொல்ல முடியுமா? ஆடிக்கு முன்னாடியா பின்னாடியான்னு தடுமாறுனா. ஒண்ணச் சொல்லிட்டு மாத்திச் சொன்னா. மாத்திச் சொன்னதும் பயந்துட்டா, பயந்ததும் இன்னும் குழம்பிட்டா. மேடம் பொறுமையா கேட்டுட்டு, "பரவால்லம்மா, நான் அடிப்படையிலேருந்து பாத்துடுறேன்"னாங்க. திரைக்குப் பின்னாடி நின்னு மேளத்தத் தட்டுனாங்க. சத்தம் கேட்டா பிள்ளை ஒரு கட்டைய எடுத்துக் கிண்ணத்துல போடணும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி திண்டுக்கல் டீச்சரம்மாகிட்ட செஞ்ச விளையாட்டு அது. பிள்ளை ரெண்டு தடவ போட்டுச்சு. மூணாவது தடவ கட்டையத் தூக்கி எறிஞ்சிட்டு அம்மா சேலைக்குள்ள போயிருச்சு.

மேடம் ஏதோ எழுதுனாங்க. சத்தம் பழக்குற வகுப்பு. ஆறு மாசம். அப்புறம் மறுபடி பாக்கலாம். பேச்சு வகுப்பு இடம் அந்த வாரமே வேற பிள்ளைக்குப் போயிருச்சு. மேடத்த நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். அவங்க கையில இருந்தத வச்சுத்தான அவங்க முடிவு பண்ண முடியும். அவங்க கையில குடுத்தது நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல பிள்ளை அவ மடியில தூங்கிருச்சு. காதுலேருந்து மிஷின் கழண்டு விழாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டே வந்தா. வாடிப்பட்டி தாண்டுன பிறகு கேட்டா.

"மூல ஃபைலு இருக்காண்ணே?"

"பாக்குறேன்."

இல்லைன்னு தெரியும். அந்த லேப்டாப்புல எஸ்.எஸ்.டி.ங்கிற புது வகை டிஸ்க்க மாட்டுனதே நான்தான். பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா துடைச்சதத் தோண்டி எடுக்க ஒரு வாய்ப்பு இருக்கும். இதுல துடைச்சா துடைச்சதுதான். இருந்தாலும் அன்னைக்கே கடைக்குப் போயி, இருக்கிற மீட்பு மென்பொருள் அத்தனையும் போட்டுப் பாத்தேன். புது சிஸ்டத்தோட ஃபைல்தான் வந்துச்சு. அவளோட ஒரு வரிகூட வரல.

பஸ்ஸுல அவ பிள்ளைய மடியில நல்லா ஏத்திப் போட்டுக்கிட்டா. அப்புறம் சொன்னா, "மத்தது போனா போகுதுண்ணே. எப்படியாச்சும் பிள்ளை மறுபடி செஞ்சுக்குவா. அந்த மாமா ஃபோல்டருதான்..."

"அதுல ஒரே வீடியோதான இருந்துச்சு."

"ஆமா. நீ வந்தா அவ வாயத் திறக்க மாட்டாளே, உனக்கு வருத்தமா இருக்குமேன்னு, அவளுக்கு மாமா சொல்லப் பழக்குனேன். உன் போட்டோவக் கையில வச்சுக்கிட்டு. அவ தெளிவா மாமான்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் அந்த வீடியோவ ஒண்ணு இழுத்துப் போடுவேன். இருபது ஆகட்டும், உன்னக் கூப்பிட்டு உக்கார வச்சுக் காட்டலாம்னு இருந்தேன். நான் தனியா எண்ணி வைக்கல, அதுதான் அதுலயே இருக்கேன்னு." என் பக்கம் திரும்பிக் கேட்டா, "எத்தனை இருந்துச்சுண்ணே? நீ பாத்தியே?"

பாத்தேன். பாத்துச் சிரிச்சேன். எண்ணல. ஸ்கிரிப்ட்டும் மொத்தமா எண்பத்தி மூணுன்னுதான் சொல்லுச்சு, எந்த ஃபோல்டர்ல எத்தனைன்னு சொல்லல. நான் அதக் கேக்கவும் இல்ல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். அவ முகத்தப் பாத்ததும் என் வாயில வந்துச்சு, "பதினாறு."

"பதினாறா!" அவ முகம் ஒரு நொடி மலர்ந்துச்சு. "நான் ஒரு பன்னெண்டு இருக்கும்னு நினைச்சேன். பதினாறு சொல்லிருக்காளா!"

நிலக்கோட்டையில இறங்குன உடனே, பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குனா. இனிமே நோட்டுலதான் எழுதுவேன்னா. குத்திக் காட்டணும்னு சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. வீட்டுக்குப் போயி முதல் பக்கத்துல மாமான்னு எழுதி, அதுக்குக் கீழ கோடு போட்டா. நாலு கோடு, குறுக்க ஒரு கோடு. அப்படி மூணு கட்டு, அப்புறம் தனியா ஒண்ணு. பதினாறு. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

அதுக்கப்புறம் அந்த ஸ்கிரிப்ட்டத் திருத்துனேன். இப்ப அது ஃபைல்ல இருக்கிற வரிசையிலயே எடுக்கும். பத்து இலக்க எண்ண நாளும் நேரமுமா மாத்திப் பக்கத்துல காட்டும். ஒண்ணே திரும்ப வந்தா நீக்காது, இது எத்தனாவதுன்னு எண்ணு போடும். அகர வரிசை வேணும்னா தனியா கேக்கணும். மூல ஃபைல ரெண்டு இடத்துல எடுத்து வைக்காம எதையும் துடைக்கிறதில்ல. கடைக்கு வர்றவங்க ஏதாச்சும் சொல்ல ஆரம்பிச்சா, முடிக்கிற வரைக்கும் கேக்குறேன். முழுக்க இல்ல, முக்காவாசி. என்ன இருந்து என்ன, அந்த எண்பத்தி மூணு வரி எங்கேயிருந்து வரும்?

ஆறு மாசம் தங்கச்சி வாரம் மூணு நாள் மதுரைக்கு அலைஞ்சா. தன்னைவிடச் சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து, தெரிஞ்ச மேளத்துக்குத் தெரிஞ்ச கட்டையப் போட்டுக்கிட்டு இருந்துச்சு அந்தப் பிள்ளை. அலைச்சல்ல வீட்டுப் பயிற்சி குறைஞ்சு போச்சு. உதட்டுப் பயிற்சி நின்னே போச்சு. நோட்டுல மாமான்னு எழுதுன பக்கத்துல கோடு ஏறல. நான் போகும்போதெல்லாம் அந்த நோட்டு அரிசி டிரம்மு மேல இருக்கும். திறக்க எனக்குத் தைரியம் வராது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கேன், பிள்ளை கதவுப் பக்கத்துல நின்னு என்னப் பாத்துச்சு. ஓடல. நான் மூச்சுக்கூட சத்தமா விடல. உதட்ட ஒட்டி, திறந்து, மறுபடி ஒட்டித் திறந்து, "மா... மா"ன்னுச்சு. என் முகத்தப் பாத்து.

தங்கச்சி கரண்டியோட சமையக்கட்டுலேருந்து ஓடி வந்தா. "கேட்டியாண்ணே, கேட்டியா! நேராவே சொல்லிட்டா!" பிள்ளைய வாரித் தூக்கி முத்தம் குடுத்தா, நோட்டத் திறந்தா, அந்தப் பதினாறுக்குப் பக்கத்துல ரொம்ப கவனமா ஒரு கோடு போட்டா.

"பதினேழு"ன்னா. "இன்னும் மூணுதாண்ணே."

நான் தலைய ஆட்டுனேன்.